விபிஎன் வழியே போன பதில்

எங்கள் நிறுவனத்தில் மின்னஞ்சல் பிரிவு என்பது இரண்டு நாற்காலிகளும் ஒரு ஜன்னலும்தான். சிங்கப்பூரில் செராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், நகைக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி. கப்பலில் சரக்கு அனுப்பித் தரும் நிறுவனம், நூற்றுச் சொச்சம் ஊழியர்கள். அவர்களுடைய மின்னஞ்சல்கள் ஒழுங்காகப் போய் வருகின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலை. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்மணிக்கும் அதே வேலை. என்னைவிட நான்கு வயது இளையவர். பதினோரு வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் கடைசிவரை ஒருவரை ஒருவர் ‘நீங்க’ என்றுதான் பேசிக்கொண்டோம். இங்கேயும் அவரை அவர் என்றே எழுதுகிறேன். இனிமேல் மாற்ற வராது.

அவருடையது யாழ்ப்பாணத்துக் குடும்பம். இங்கே வந்து மூன்று தலைமுறை ஆகியும் ‘ஆமாம்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் சில சமயம் ‘ஓம்’ என்று வந்துவிடும், வந்ததும் தானே சிரித்துக்கொள்வார். கல்யாணம் ஆகி, அது சரிப்படாமல் பிரிந்தவர். நான் கல்யாணமே செய்துகொள்ளாதவன். இதைப் பற்றி அலுவலகத்தில் ஒரு காலத்தில் கிசுகிசுத்தார்கள். நாங்கள் தேக்கா சந்தையில் தோசை சாப்பிடப் போனாலும் மின்னஞ்சல் சர்வரைப் பற்றியே பேசுவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

ஒருமுறை எங்களுடைய பழைய வாடிக்கையாளர் ஒருவரின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. சரக்கை வேறொரு கிடங்குக்கு மாற்றி அனுப்பச் சொன்னது. எங்கள் ஆட்களும் மாற்றி அனுப்பிவிட்டார்கள். சரக்கு காணாமல் போனபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த வாடிக்கையாளரின் பாஸ்வேர்டை எவனோ திருடி, விபிஎன் போட்டுக்கொண்டு, அவருடைய கணக்கிலிருந்தே எழுதியிருந்தான். அவருடைய சொந்த சர்வரிலிருந்துதான் கடிதம் வந்தது. கையொப்பச் சோதனையெல்லாம் சரியாக இருந்தது. எங்கள் வடிகட்டி எங்களிடம் வந்து நிற்கும் சர்வரை மட்டும் பார்த்து, தெரிந்த ஆள்தான் என்று உள்ளே விட்டுவிட்டது.

மின்னஞ்சலின் தலைப்பகுதியில் சாதாரணமாக யார் கண்ணிலும் படாத வரிகள் உண்டு. கடிதம் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும், இன்னாரிடமிருந்து வாங்கினேன் என்று ஒரு வரி சேரும். அடியில் இருக்கும் வரிதான் முதல் வரி, எழுதியவரின் கணினி எந்த முகவரியிலிருந்து கடிதத்தை ஒப்படைத்தது என்று சொல்வது. அந்த வாடிக்கையாளரின் கடிதத்தில் அந்த வரியில் இருந்தது ஒரு விபிஎன் முகவரி, உலகத்தில் உள்ள தடைப்பட்டியல்கள் பலவற்றிலும் ஏறிய முகவரி. விபிஎன் போட்டால் நம் கணினியின் போக்குவரத்தெல்லாம் ஒரு குழாய்க்குள் போய் வேறெங்கோ இருக்கும் ஒரு இயந்திரத்தின் வழியாக வெளியே வரும். பார்ப்பவர்களுக்கு நம் முகவரி தெரியாது, அந்த இயந்திரத்தின் முகவரிதான் தெரியும். அதே நேரத்தில் அதே முகவரியிலிருந்து இன்னும் ஆயிரம் பேர் வெளியே வந்துகொண்டிருப்பார்கள். அடுக்குமாடி புளோக் முழுவதற்கும் ஒரே கதவு எண் வைத்த மாதிரி. அந்த ஆயிரத்தில் நாலு பேர் குப்பை அஞ்சல் அனுப்பினால் போதும், முகவரி பட்டியலில் ஏறிவிடும். மிச்சம் பேர் யோக்கியர்கள் என்பது பட்டியலுக்குத் தெரியாது.

நானும் அவரும் உட்கார்ந்து ஒரு விதி எழுதினோம். அந்த முதல் வரியையும் பார், அதில் இருப்பது தடைப்பட்டியலில் உள்ள முகவரியென்றால் கடிதத்தை ஏற்காதே. இது கடுமையான விதி, எல்லா இடத்திலும் இப்படிச் செய்யமாட்டார்கள். விடுதி அறையில் விபிஎன் போட்டுக்கொண்டு எழுதும் அப்பாவிகளும் மாட்டுவார்கள் என்று அவர் தயங்கினார். அப்படியானால் திருப்பி அனுப்ப வேண்டாம், ஸ்பேம் பெட்டியில் போடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்பேம் பெட்டியில் போட்டால் அனுப்பியவன் போய்ச் சேர்ந்தது என்று நினைப்பான், பெறவேண்டியவன் பார்க்கவே மாட்டான், அதைவிட அநியாயம் கிடையாது என்று வாதாடினேன். வாசலிலேயே முடியாது என்று சொல்லிவிட்டால் அனுப்பியவனுக்கு ஒரு நிமிடத்தில் தகவல் திரும்பி வந்துவிடும், நேர்மையானவன் விபிஎன்னை அணைத்துவிட்டு மறுபடி அனுப்புவான். அவர் கடைசியில் சம்மதித்தார். மறுப்பு வாசகத்தை மட்டும் தானே எழுதுவதாகச் சொன்னார். ‘மன்னிக்கவும். இந்தக் கடிதம் நாங்கள் நம்பமுடியாத முகவரியிலிருந்து வந்தது. உங்கள் சொந்த இணைப்பிலிருந்து தயவுசெய்து மறுபடி அனுப்புங்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். மறுப்பு வாசகத்தில் மன்னிப்புக் கேட்ட ஒரே நிர்வாகி இவர்தான் என்று கிண்டல் செய்தேன்.

பிறகு அவர் போய்விட்டார். வெலிங்டனில் அக்கா இருந்தார். அங்கே சில பள்ளிகளுக்குச் சேர்த்து மின்னஞ்சல் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள், இரண்டு வருட ஒப்பந்தம். சொன்னபோது நல்ல வாய்ப்பு, போங்க என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு அரை விநாடிகூட ஆகவில்லை. சாங்கி விமான நிலையம்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். மறுநாள் காலை வழக்கம்போல் கோப்பிக்கடையில் பாலில்லாத தேநீர், இரண்டு தே-ஓ, சொன்னேன். கடைக்காரர் இரண்டையும் கட்டித் தந்துவிட்டார். ஒன்றைக் காலி மேசையில் வைத்தேன், மத்தியானம் கொட்டினேன்.

பொங்கோலில் என் வீடு பதினான்காவது மாடியில். இரண்டு படுக்கையறை. சத்தமே கிடையாது. வீட்டில் தனியாக இருப்பது எனக்குப் பழகிப்போன விஷயம் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பழகியது வேறு, பகலெல்லாம் பேச ஒருவர் இருந்ததால் அது தெரியாமல் இருந்தது வேறு. வேலை முடிந்து வந்து சாவியை மேசையில் போடும் சத்தம்கூட எனக்குப் பெரிதாகக் கேட்க ஆரம்பித்தது.

தொலைக்காட்சியை ஓடவிட்டேன். தமிழ்நாட்டுச் செயலி ஒன்றில் ஒரு நிகழ்ச்சி வரும், இருபது பேர் இரண்டு பக்கமாக உட்கார்ந்து மாமியார் சரியா மருமகள் சரியா என்று கத்திக்கொள்வார்கள். அந்தக் கத்தல் எனக்குத் தேவைப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து பார்த்தால் அது ஓடாது, இந்தியாவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அதற்காக ஒரு விபிஎன் சந்தா வாங்கினேன். தொலைக்காட்சியில் தனியாகப் போட முடியாததால் வீட்டு ரவுட்டரிலேயே போட்டுவிட்டேன். அன்றிலிருந்து என் வீடு முழுக்க, தொலைக்காட்சி, போன், மடிக்கணினி எல்லாம், மும்பையில் இருக்கும் ஏதோ ஒரு இயந்திரத்தின் வழியாக வெளியே போயின. மடிக்கணினிக்கு மட்டும் விலக்கு போட ஐந்து நிமிடம் ஆகும். மாமியார் கட்சி ஜெயித்துக்கொண்டிருந்தது, அப்புறம் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் அவருடைய கடிதம் வந்தது. வாட்ஸ்அப்பில் நாங்கள் அவ்வப்போது பேசிக்கொள்வோம், சாப்பாட்டுப் படம், வானிலை, அந்த மாதிரி. முக்கியமான விஷயம் என்றால் மின்னஞ்சல்தான். சாட்டில் கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கும், யோசிக்க விடாது என்பது அவர் கட்சி. வெலிங்டன் அலுவலக முகவரியிலிருந்து எழுதியிருந்தார். ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கக் கேட்கிறார்களாம். ஜூன் முப்பதுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அதன் கீழே இப்படி எழுதியிருந்தார். ‘நான் திரும்பி வரணுமா? எதற்காக உங்களைக் கேட்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். வரச் சொன்னால் வருவேன். விருப்பமில்லை என்றால் சங்கடப்பட்டுக்கொண்டு எதுவும் எழுத வேண்டாம். முப்பதாம் தேதிவரை பதில் வராவிட்டால் புரிந்துகொள்வேன், இதைப் பற்றி மறுபடி பேசமாட்டேன், எப்போதும்போல இருப்போம்.’

எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். யோசிக்க இல்லை, பதில் முதல் நிமிடத்திலேயே தெரியும். எழுத வரவில்லை, அதுதான். இருபத்து நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவழியாகப் பத்துப் பன்னிரண்டு வரி எழுதினேன். வாங்க என்று எழுதினேன். விமான நிலையத்திலேயே போகாதீங்க என்று சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்குத் தைரியம் இல்லை என்று எழுதினேன். தனியாகச் சாப்பிட்டுச் சலித்துவிட்டது என்றும் எழுதினேன். ஐம்பது வயதில் இப்படியெல்லாம் எழுதுகிறோமே என்று காது சூடாகிவிட்டது. அனுப்பு என்ற பொத்தானை அழுத்திவிட்டு, கண்ணாடியில் என் முகத்தையே பார்க்காமல் கீழே இறங்கிப்போய் ஆற்றோரமாக வெகுதூரம் நடந்தேன்.

திங்கள் போனது, செவ்வாய் போனது. பதில் இல்லை. பன்னிரண்டு வரி அதிகமோ, பயந்துவிட்டாரோ, கேட்டபிறகு மனம் மாறிவிட்டதோ என்றெல்லாம் யோசித்தேன். கேட்டிருக்கலாம். ஒரு வரி, கடிதம் கிடைத்ததா என்று. கேட்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி கெஞ்சவா முடியும் என்று ஒரு வீம்பு. முப்பதாம் தேதி சாயங்காலம் எம்.ஆர்.டி. ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது வாட்ஸ்அப் வந்தது. மூன்று வருடம் நீட்டித்துவிட்டேன், இங்கே எல்லாரும் நலம், குளிர் அதிகம் என்று இருந்தது. கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டேன். என் ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டதை இரண்டு ஸ்டேஷன் கழித்துத்தான் கவனித்தேன்.

அதன்பிறகு தீபாவளி வாழ்த்து, புத்தாண்டு வாழ்த்து. அவர் மேல் கோபம் வந்தது, உண்மையைச் சொன்னால் நிறையவே வந்தது. ஒரு மனிதனை எழுதவைத்துவிட்டுப் பதில்கூடப் போடாமல் இருப்பது என்ன மரியாதை என்று காலி நாற்காலியைப் பார்த்துக் கறுவிக்கொண்டேன். அதில் உட்கார வேறு ஆள் எடுக்கவில்லை. வேலையைப் பாதிக்குமேல் கிளவுடுக்கு மாற்றிவிட்டார்கள், ஒருவர் போதுமாம்.

பிப்ரவரியில் எங்கள் விற்பனைப் பிரிவு ஆள் ஒருவர் ஜகார்த்தாவிலிருந்து போன் செய்தார். ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிட்டதாம், மற்றவர்களுக்குப் போகிறதாம். திரும்பி வந்த தகவலை எனக்கு அனுப்பச் சொன்னேன். பார்த்த உடனே புரிந்தது. ஹோட்டலில் விபிஎன் போட்டிருக்கிறார், அந்த முகவரி தடைப்பட்டியலில் இருக்கிறது, வாடிக்கையாளரின் சர்வர் எங்களைப் போலவே முதல் வரியையும் பார்க்கிறது. பெரும்பாலான சர்வர்கள் அதைப் பார்ப்பதில்லை, அதனால்தான் மற்றவர்களுக்குப் போகிறது. “விபிஎன்னை ஆஃப் பண்ணிட்டு இன்னொரு தடவை அனுப்புங்க லா, போயிடும்” என்றேன். இரண்டு நிமிடத்தில் போய்விட்டது என்று நன்றி சொன்னார். போனை வைத்துவிட்டு அடுத்த வேலையைத் திறந்தேன்.

அப்போதுதான் உறைத்தது. என் வீட்டு ரவுட்டரிலும் விபிஎன். என் மடிக்கணினியும் அதன் வழியாகத்தான் போகிறது. என் சொந்தக் கடிதங்கள் நானே வாடகைக்கு எடுத்து நடத்தும் ஒரு சின்ன சர்வரிலிருந்து போகின்றன. பெரிய இலவசச் சேவைகள் எழுதுபவரின் முகவரியை அந்த முதல் வரியில் காட்டாமல் மறைத்துவிடும். என் சர்வர் காட்டும். எங்கிருந்து எழுதுகிறேன் என்று மறைக்க எனக்கென்ன அவசியம் என்று பெருமையாக விட்டுவைத்திருந்தேன். வெலிங்டனில் அந்தப் பள்ளிகளின் வாசலிலும் நாங்கள் இருவரும் எழுதிய அதே விதிதான் நிற்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அப்படித் திருப்பியிருந்தால் எனக்குத் தகவல் வந்திருக்குமே, வரவில்லையே என்று வழியெல்லாம் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். வந்திருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் எவனோ என் முகவரியைப் போலியாகப் போட்டுக் குப்பை அனுப்பினான். அவை திரும்பிய தகவல்கள் ஆயிரக்கணக்கில் என் பெட்டியில் வந்து விழுந்தன. அந்த எரிச்சலில், திரும்பி வரும் தகவல் எதுவாக இருந்தாலும் என் கண்ணில் படாமல் ஒரு தனி அடுக்குக்குப் போகும்படி நானே ஒரு வடிகட்டி போட்டேன். போட்டதையே மறந்துபோனேன். சாதாரண மனிதர் யாரும் இப்படி ஒரு காரியம் செய்யமாட்டார், செய்யத் தெரியாது.

அடுக்கைத் திறந்தேன். ஜூன் இருபத்து நான்கு. நான் அனுப்பிய அதே நிமிடம். மன்னிக்கவும் என்று ஆரம்பித்தது. அவர் எழுதிய வாசகம், ஒரு எழுத்து மாறவில்லை. அதன் கீழே என் பன்னிரண்டு வரிகளும் அப்படியே இருந்தன. நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

விபிஎன்னை அணைத்தேன். அதே கடிதத்தை, மேலே நடந்ததை நாலு வரியில் எழுதிச் சேர்த்து, அனுப்பினேன். எது போனது, எது மறுக்கப்பட்டது என்று சர்வர் எழுதிவைக்கும் லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று வந்தது. எட்டு மாதம் தாமதமாக.

அடுத்த நாள் சனிக்கிழமை காலை அவரே போன் செய்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அங்கே குளிரா, இங்கே மழையா என்று பேசிக்கொண்டிருந்தோம். பிறகு, உங்க ரூல்தான் என்னைத் திருப்பி அனுப்பிடுச்சு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வழியில்லை என்று ஆரம்பித்தேன். அவர் குறுக்கிட்டார்.

“ஓம், தெரியும். அன்னைக்கே லாக்ல பாத்துட்டேன்.”

வாசலிலேயே மறுத்த கடிதத்தின் உள்ளே என்ன இருந்தது என்பது சர்வரில் தங்காது. யார் அனுப்பினார், எப்போது, ஏன் மறுத்தோம் என்று ஒரு வரி மட்டும்தான் மிஞ்சும். அந்த ஒரு வரியைத்தான் அவர் பார்த்திருக்கிறார். நான் எழுதினேன் என்று தெரியும், என்ன எழுதினேன் என்று தெரியாது. அப்போதே ஏன் கேட்கவில்லை என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

திரும்பி வந்த தகவலை நான் உடனே பார்த்திருப்பேன் என்று நம்பினாராம். இந்த வேலையில் இத்தனை வருடம் இருப்பவர் பார்க்காமல் இருப்பாரா. பார்த்தவர் மறுபடி அனுப்பவில்லை என்றால், ஏதோ ஒரு வேகத்தில் எழுதிவிட்டு, நல்லவேளை போகவில்லை என்று நிம்மதியாக இருக்கிறார் என்றுதானே அர்த்தம். அதைப் போய்க் கிளறினால் எனக்குச் சங்கடம் என்று விட்டுவிட்டாராம். முப்பதாம் தேதி மத்தியானம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒப்பந்தத்தை உடைக்க முடியாது, அக்காவுக்கு இப்போது உடம்பு வேறு சரியில்லை என்றார். இதையெல்லாம் சொல்லும்போது அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னார்.

“உங்க அட்ரஸுக்கு மட்டும் ரூல்ல விலக்கு போட்டேன், இருபத்தி நாலாம் தேதி சாயங்காலமே. விபிஎன் போட்டுக்கிட்டே அனுப்பினாக்கூட உள்ள வரட்டும்னு. முப்பதாம் தேதி எடுத்துட்டேன்.”

சரி என்றேன். உடம்பைப் பார்த்துக்கங்க என்றார். நீங்களும் என்றேன். அந்த ஆறு நாளும் நான் எதை அனுப்பியிருந்தாலும், எங்கிருந்து அனுப்பியிருந்தாலும், ஒரு வரி, ஒரு வார்த்தை, போய்ச் சேர்ந்திருக்கும். நான் எதையும் அனுப்பவில்லை.